கன்சல்டன்சி சிஸ்டத்தில் பெயர், பதவி, தேதி தப்பாக இருந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கு ஆள் எடுத்துக் கொடுக்குற கன்சல்டன்சியோட சிஸ்டத்துல என் விவரம் தப்பா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதை என்னால பார்க்க முடியாதே?

பார்க்க முடியாதுதான். ஆனால் அங்கிருந்து வெளியே வருவது உங்களிடம் வந்துகொண்டேதான் இருக்கும். இன்டர்வியூ மெயில் "Dear P," என்று ஆரம்பித்தால், பெயர்க் கட்டத்தில் உங்கள் இனிஷியல் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. "Dear Resume," என்று போன மெயிலையும் நான் பார்த்திருக்கிறேன். பயோடேட்டாவின் உச்சியில் பெரிய எழுத்தில் இருந்த தலைப்பையே சிஸ்டம் பெயராக எடுத்துக்கொண்டது. போனில் பேசுகிறவர் "நடுவுல ஏழு மாசம் சும்மா இருந்தீங்களா?" என்று கேட்கிறார், நீங்கள் அப்படி இருந்ததே இல்லை என்றால், தேதியில் கோளாறு. உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேலைக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தால் பதவியில் கோளாறு.

சந்தேகம் இருந்தால் நேராகவே கேட்கலாம்: "கம்பெனிக்கு என் புரொஃபைலை எப்படி அனுப்பினீங்களோ, அதே வடிவத்துல எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க." சேலத்தில் ஒரு கன்சல்டன்சியில் ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படிக் கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் ரெஸ்யூம்ல சரியாத்தானே போட்டிருக்கேன். அப்புறம் எப்படித் தப்பாச்சு?

பெரும்பாலும் உங்கள் ரெஸ்யூமை ஒரு ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்வதில்லை. ஃபைலை ஏற்றியதும் மென்பொருள் அதைப் படித்து, பெயர், மொபைல், கடைசி வேலை, சேர்ந்த தேதி, விலகிய தேதி என்று கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட்டுவிடும். ரெக்ரூட்டர் தேடுவதும் வடிகட்டுவதும் அந்தக் கட்டங்களை வைத்துத்தான். உங்கள் ரெஸ்யூம் ஃபைல் பக்கத்தில் இணைப்பாகச் சும்மா இருக்கும். முதல் வடிகட்டலில் அதை யாரும் திறந்து பார்க்காமல் போவதும் உண்டு.

நம் ஊர்ப் பெயர்களுக்கு இதில் தனிச் சிக்கல். அப்பா பெயர் பெருமாள், தன் பெயர் சரவணன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ரெஸ்யூமில் P. Saravanan என்று எழுதுவார். மென்பொருளோ முதலில் வருவது முதல் பெயர், கடைசியில் வருவது குடும்பப் பெயர் என்று பழகியது. அதனால் இப்படி ஏறிவிடும்:

```
First Name: P
Last Name: Saravanan
```

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் SARAVANAN P. ஆதாரில் வெறும் Saravanan என்றும் இருக்கலாம், Saravanan P என்றும் இருக்கலாம். பான் கார்டு விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால் அங்கே Saravanan Perumal. ஒரே ஆளுக்கு நான்கு வடிவம். எதுவுமே பொய் இல்லை. ஆனால் சிஸ்டத்துக்கு அது தெரியாது.

பக்கத்தை இடது, வலது என்று இரண்டாகப் பிரித்த அலங்கார ரெஸ்யூம், கட்டம் போட்ட ரெஸ்யூம், மொபைலில் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கிய ரெஸ்யூம், இந்த மூன்றிலும் பிழை இன்னும் அதிகம். ஒரு வேலையின் தேதி பக்கத்து வேலையோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்போ எந்தப் பெயரைத்தான் போடச் சொல்றது?

ஆதாரில் உள்ளபடி. வேலையில் சேர்ந்தால் பிஎஃப் கணக்கின் யுஏஎன் ஆதாரோடு பொருந்த வேண்டும், அங்கே முட்டினால் பிறகு அலைச்சல். ஆதாரில் வெறும் Saravanan என்று மட்டும் இருந்து, சிஸ்டம் குடும்பப் பெயர் இல்லாமல் நகர மறுத்தால், பான் கார்டில் உள்ளபடி அப்பா பெயரைக் கடைசிக் கட்டத்தில் போடச் சொல்லலாம். அப்படிப் போட்டிருப்பதை மெயிலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அப்பா பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் உங்களுக்கு எரிச்சல் வரும், எனக்கும் வரும்தான். சில சிஸ்டங்களில் கூப்பிடும் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அதில் Saravanan போடச் சொல்லுங்கள்.

ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்ல ரைட்டரா இருந்தேன். இப்ப சேலத்துல ஒரு மில்லுல ஸ்டோர்ஸ்ல இருக்கேன். எனக்கு கன்டென்ட் ரைட்டர் வேலைக்குக் கால் வருது. போதாததுக்கு நடுவுல கேப் இருக்குன்னு வேற சொல்றாங்க. என்ன நடந்திருக்கும்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஒரே ரெஸ்யூமில் இரண்டு வகைப் பிழையும் சேர்ந்திருக்கிறது.

முதலில் பதவி. எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் செக்ரோல் என்ற ஆள் வருகைப் பதிவேட்டை எழுதுகிறவர், பறித்த பழத்தின் எடையைப் பதிகிறவர், ஸ்டோர் கணக்கு பார்க்கிறவர். மலையில் இருக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மென்பொருள் பல பேர் எழுதும் பல மாதிரிப் பதவிகளைத் தன்னிடம் உள்ள பட்டியலில் ஏதோ ஒன்றோடு பொருத்திப் போடும். Writer என்றதும் அதன் பட்டியலில் கிட்டத்தில் இருப்பது Content Writer. பிரிவும் கூடவே ஊடகம், விளம்பரம் என்று மாறிவிடும். நாங்கள் ஸ்டோர்ஸ் அனுபவம் உள்ளவர் வேண்டும் என்று தேடும்போது எஸ்டேட்டில் நீங்கள் பார்த்த ஸ்டோர் வேலை கணக்கிலேயே வராது. தோட்ட வேலையை மேற்பார்க்கும் எஸ்டேட் கண்டக்டராக இருந்தவர் பஸ் கண்டக்டர் ஆகிவிடுவதும் இதே கதைதான்.

இங்கே பலர் செய்வது, "ரைட்டர்ங்கறதை எடுத்துட்டு ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர்னு போடுங்க" என்று கேட்பது. அப்படிக் கேட்காதீர்கள். எஸ்டேட் கொடுத்த ரிலீவிங் லெட்டரில் Writer என்று இருந்தால், பதவிக் கட்டத்தில் Writer தான் இருக்க வேண்டும். பின்னால் சரிபார்ப்பு ஏஜென்சி எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்கும்போது அந்தச் சொல்தான் வரும். மாற்றச் சொல்ல வேண்டியது பிரிவை: ஊடகத்திலிருந்து தோட்டம், நிர்வாகம் என்று. கூடவே வேலை விவரத்தில் செக்ரோல், எடைப் பதிவு, ஸ்டோர் இருப்பு என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். தேடலில் நீங்கள் வருவதற்கு அந்த இரண்டு வரி போதும்.

இனி தேதி. ரெஸ்யூமில் இப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்:

```
எஸ்டேட்: 05/06/2019 - 03/02/2022
மில்:    10/02/2022 முதல்
```

நாம் படிப்பது: 2019 ஜூன் 5 முதல் 2022 பிப்ரவரி 3 வரை எஸ்டேட், ஒரே வாரத்தில், பிப்ரவரி 10 அன்று மில்லில் சேர்ந்தாயிற்று. அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் படிக்கும் சிஸ்டம் படிப்பது: 2019 மே 6 முதல் 2022 மார்ச் 2 வரை எஸ்டேட், மில்லில் சேர்ந்தது 2022 அக்டோபர் 2. அங்கேதான் அந்த ஏழு மாதம் பிறக்கிறது. எஸ்டேட் அனுபவமும் உண்மையில் இரண்டு வருடம் எட்டு மாதம், சிஸ்டத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் கூடுதல்.

இந்த வகைப் பிழைக்கு ஒரு அடையாளம் உண்டு. 12-க்கு மேற்பட்ட நாள் இருந்தால் தேதி சரியாக ஏறியிருக்கும், ஏனென்றால் 18-வது மாதம் என்று ஒன்று கிடையாது. 12-க்குள் உள்ள தேதிகள் மட்டும் புரண்டிருக்கும். ஒரே ரெஸ்யூமில் சிலது சரி, சிலது தப்பு என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். ரெஸ்யூமில் 05 Jun 2019 என்று மாதத்தை எழுத்தில் போட்டுவிட்டால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. வெறும் வருடம் மட்டும் போடுவதும் ஆபத்துதான். 2019 என்று மட்டும் இருந்தால் சில சிஸ்டங்கள் அதை 2019 ஜனவரி என்று தாங்களே நிரப்பிக்கொள்ளும்.

போன்ல சொன்னா போதாதா?

போதாது. போனில் எழுத்துக்கூட்டிச் சொல்வது வேறு விதமாகக் காதில் விழும், சொன்னதற்குச் சாட்சியும் இருக்காது. ரெக்ரூட்டர் ஒரு நாளில் எத்தனையோ பேரிடம் பேசுகிறவர், "சரிங்க, மாத்திடறேன்" என்று உண்மையாகவே சொல்லிவிட்டு அடுத்த போன் காலில் மறந்துவிடுவார். மெயில் போடுங்கள், அதுவும் நீங்கள் பதிவு செய்த அதே மெயில் ஐடியிலிருந்து. வேறு ஐடியிலிருந்து வந்தால் நீங்கள்தானா என்று அவர் முதலில் உறுதி செய்ய வேண்டியிருக்கும். மெயில் போட்ட பிறகு வாட்ஸ்ஆப்பில் "மேடம், ஒரு திருத்தம் மெயில்ல அனுப்பியிருக்கேன்" என்று தட்டிவிடுவது நல்லது.

மெயில்ல என்ன எழுதுறது?

தப்பாக இருப்பது என்ன, இருக்க வேண்டியது என்ன, எந்த ஆவணத்தில் அது இருக்கிறது, யாருக்கெல்லாம் அது போயிருக்கிறது. இந்த நான்கும் இருந்தால் போதும். "என் விவரங்கள் தவறாக உள்ளன, தயவுசெய்து சரிபார்க்கவும்" என்று மட்டும் எழுதினால், எதை என்று கேட்டு ஒரு பதில் வரும், அதற்குள் இரண்டு நாள் போய்விடும். மேலே பார்த்த ஆளுக்கு மெயில் இப்படி இருக்கலாம்:

> வணக்கம் மேடம்,
>
> ஸ்டோர்ஸ் வேலைக்காக என் புரொஃபைலை நீங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் மூன்று இடத்தில் திருத்தம் வேண்டும்.
>
> 1. பெயர்: இப்போது P / Saravanan என்று பிரிந்திருக்கிறது. Saravanan / Perumal என்று இருக்க வேண்டும். (பான் கார்டில் உள்ளபடி)
> 2. எஸ்டேட் வேலை: பதவி Content Writer என்று இருக்கிறது. Writer என்று இருக்க வேண்டும். பிரிவு தோட்டம் / நிர்வாகம். காலம் 05 Jun 2019 முதல் 03 Feb 2022 வரை. (ரிலீவிங் லெட்டர் இணைத்துள்ளேன்)
> 3. மில் வேலை: சேர்ந்த தேதி 02 Oct 2022 என்று இருக்கிறது. 10 Feb 2022 என்று இருக்க வேண்டும். (அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இணைத்துள்ளேன்)
>
> கம்பெனிக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அங்கேயும் திருத்தச் சொல்லவும். வரும் வியாழக்கிழமை இன்டர்வியூ என்பதால் அதற்கு முன் முடிந்தால் நல்லது. திருத்திய புரொஃபைலின் காப்பி ஒன்று அனுப்பி வையுங்கள்.

ஆங்கிலத்தில் எழுத வந்தால் ஆங்கிலத்திலேயே அனுப்புங்கள், அவர் அப்படியே கம்பெனிக்கு முன்னனுப்ப வசதியாக இருக்கும். யார் செய்த தப்பு என்ற விசாரணை மெயிலில் வேண்டாம்.

"மாத்திட்டோம்"னு சொன்னாங்க. ஆனா கம்பெனி எச்ஆர் இன்னும் பழைய தேதியைத்தான் வச்சிருக்காங்க. ஏன்?

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். உங்கள் விவரம் ஒரே இடத்தில் இல்லை. கன்சல்டன்சியின் சிஸ்டத்தில் ஒன்று இருக்கிறது. கம்பெனிக்கு அனுப்பும்போது ரெக்ரூட்டர் ஒரு எக்செல் டிராக்கரில் பெயர், மொத்த அனுபவம், இப்போதைய சம்பளம், நோட்டீஸ் பீரியட் என்று ஒரு வரி நிரப்பி அனுப்புவார், அது இன்னொன்று. பெரிய கம்பெனி என்றால், கன்சல்டன்சிகளுக்காக அது வைத்திருக்கும் வெண்டார் போர்ட்டல் என்ற தளத்தில் ஏற்றியிருப்பார், அது மூன்றாவது. முதலாவதை மாற்றினால் மற்ற இரண்டும் தானாக மாறாது. அனுப்பிய மெயில் அனுப்பியதுதான். போர்ட்டலிலோ, சமர்ப்பித்த பிறகு கன்சல்டன்சியால் கைவைக்க முடியாமல் பூட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது கம்பெனியின் எச்ஆர் பக்கத்திலிருந்துதான் மாற்ற முடியும்.

அதனால் "மாத்தியாச்சா?" என்று கேட்காதீர்கள், அதற்கு "ஆச்சு" என்றுதான் பதில் வரும், அது பொய்யும் அல்ல. "உங்க சிஸ்டத்துல ஆச்சா, டிராக்கர்ல ஆச்சா, போர்ட்டல்ல ஆச்சா?" என்று பிரித்துக் கேளுங்கள். டிராக்கரில் உங்கள் வரியை மட்டும் வெட்டி அனுப்பச் சொல்லலாம். முழு ஷீட்டையும் அனுப்பினால் மற்றவர்களின் சம்பளமும் போன் நம்பரும் உங்களுக்கு வந்துவிடும், நாளைக்கு உங்களுடையதும் அப்படியே யாருக்கோ போகும்.

கம்பெனி போர்ட்டலில் உங்களுக்கே லாகின் வந்திருந்தால் உள்ளே போய் நீங்களே மாற்றலாம். ஆனால் ஏற்கெனவே அனுப்பிய விண்ணப்பம் அனுப்பிய அன்றைய நிலையிலேயே நிற்கக்கூடும். மாற்றியதை எச்ஆருக்கும் ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

நௌக்ரில என் புரொஃபைலை மாத்திட்டேனே, அது போதாதா?

ரெக்ரூட்டர் அங்கிருந்து உங்கள் ரெஸ்யூமை என்றைக்கு இறக்கினாரோ, அன்றைய நகல்தான் அவரிடம் இருக்கும். தனியாகச் சொல்லத்தான் வேண்டும்.

வேற மெயில் ஐடில புதுசா அப்ளை பண்ணிட்டா ஈஸி இல்லையா?

ஈஸி மாதிரி தெரியும், ஆனால் வினையே அங்கேதான் ஆரம்பம். ஒரே ஆள் இரண்டு முறை வந்திருக்கிறாரா என்று சிஸ்டங்கள் மெயில், மொபைல் நம்பரை வைத்துத்தான் பார்க்கும். மெயில் வேறு, மொபைல் ஒன்று என்றால் இரட்டைப் பதிவு என்று நிற்கும். இதற்குள் இன்னொரு கன்சல்டன்சி வழியாகவும் அனுப்பியிருந்தால், ஆள் யாருடைய கணக்கில் என்று இரண்டு கன்சல்டன்சிக்கும் தகராறு. கமிஷன் சண்டையில் சிக்க விரும்பாத எச்ஆர் உங்கள் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுவார். தேதி வேறு இரண்டிலும் வேறு வேறாக இருந்தால், எது உண்மை என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

ஏற்கெனவே இரண்டு பதிவு ஆகிவிட்டது என்றால் அதைச் சொல்லி, ஒன்றாக இணைக்கச் சொல்லுங்கள். எந்தப் பதிவில் உள்ள விவரம் சரி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இணைக்கும்போது பழைய தேதி மேலே வந்து உட்காரும்.

திருத்தத்துக்கு ஆதார், பேஸ்லிப் எல்லாம் கேக்குறாங்க. கொடுக்கலாமா?

பெயருக்கு ஆதார் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை யுஐடிஏஐ தளத்தில் இறக்கி அனுப்புங்கள், பெயர் தெரிந்தால் போதும். தேதிக்கும் பதவிக்கும் ரிலீவிங் லெட்டரோ அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோ போதும். பேஸ்லிப் அனுப்பத்தான் வேண்டும் என்றால் பேங்க் கணக்கு எண்ணை மறைத்துவிடுங்கள். ஓடிபி கேட்டால் மட்டும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், பெயர் திருத்த எந்த ரெக்ரூட்டருக்கும் ஓடிபி தேவையில்லை. திருத்தக் கட்டணம் என்று பணம் கேட்டாலும் அதேதான்.

ரிலீவிங் லெட்டர்ல ஒரு தேதி, பிஎஃப்ல ஒரு தேதி இருக்கு. எதைப் போடச் சொல்றது?

இது ரெக்ரூட்டர் சரி செய்யக்கூடிய விஷயம் இல்லை. அவரிடம் ரிலீவிங் லெட்டர் தேதியைக் கொடுத்து, பிஎஃப்பில் இன்ன தேதி இருக்கிறது, திருத்த விண்ணப்பித்திருக்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சரிபார்க்கிறவர்கள் யுஏஎன்னின் சர்வீஸ் ஹிஸ்டரியைப் பார்ப்பது இப்போது சகஜம். அவர்களாகக் கண்டுபிடித்தால் அது முரண்பாடு என்று ரிப்போர்ட்டில் ஏறும், நீங்கள் முதலிலேயே சொன்னால் விளக்கமாக ஏறும்.

பிஎஃப்பில் விலகிய தேதியே இல்லாமல் காலியாக இருந்தால், வேலையை விட்டு இரண்டு மாதம் கழித்து மெம்பர் போர்ட்டலில் நீங்களே பதியலாம். பதிந்த தேதியே தப்பு என்றால் ஜாயின்ட் டிக்ளரேஷன் என்ற திருத்த விண்ணப்பம் கொடுக்க வேண்டும், சிலருக்கு அதற்குப் பழைய முதலாளியின் ஒப்புதலும் தேவைப்படும். அப்படித் தேவைப்பட்டு, எஸ்டேட் கைமாறி, ஆபீசில் பழைய ஆட்களே இல்லை என்றால் நாள் பிடிக்கும். சேலம் பிஎஃப் அலுவலகத்துக்கு நேரில் போகிறவர்கள் ரிலீவிங் லெட்டரையும் கடைசி மாதப் பேஸ்லிப்பையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

பேருக்கு நான் அசிஸ்டன்ட், ஆனா வேலை எல்லாம் மேனேஜர் வேலை. மேனேஜர்னு மாத்தச் சொல்லலாமா?

வேண்டாம். அது திருத்தம் இல்லை, புதுசாகப் போடுவது. பதவிக் கட்டத்தில் அசிஸ்டன்ட் இருக்கட்டும், எத்தனை பேரை மேய்த்தீர்கள், எதற்குக் கையெழுத்து போட்டீர்கள் என்பதை விவரத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆர்டரே இல்லாமல் வாய்மொழியாகப் பதவி உயர்வு கொடுத்திருந்தால், பழைய எச்ஆரிடம் ஒரு மெயிலாவது வாங்கிவிட்டு அப்புறம் கேளுங்கள்.

ரெண்டு மெயில் போட்டும் பதிலே இல்லை. சட்டப்படி ஏதாவது இருக்கா?

இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகளின்படி, நீங்கள் கொடுத்த விவரத்தைப் பார்வையிடவும் தப்பு இருந்தால் திருத்தவும் நிறுவனம் இடம் கொடுக்க வேண்டும். குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பையும் இணையதளத்தில் போட வேண்டும், புகாரை ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 12-வது பிரிவில் திருத்தும் உரிமையை இன்னும் தெளிவாகவே சொல்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆனால் இந்த உரிமை நடைமுறைக்கு வருவது அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான்.

நடைமுறையில், சட்டப் பிரிவை முதல் மெயிலிலேயே போட்டால் ரெக்ரூட்டர் பயந்து அதை மேலே தள்ளிவிடுவார், இரண்டு நிமிட வேலை இரண்டு வாரம் ஆகும். முதல் மெயில் சாதாரணமாக. ஒரு வாரம் பார்த்துவிட்டு, அதே மெயிலுக்குப் பதிலாக, டீம் லீடரையும் குறைதீர்க்கும் அலுவலரையும் சேர்த்து அனுப்புங்கள். மூன்றாவதில் விதியைக் குறிப்பிடலாம்.

ஆஃபர் லெட்டரே தப்பான பேர்ல வந்துடுச்சு. இனிமே கன்சல்டன்சிகிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?

அவர்களுக்குத் தெரிவியுங்கள், ஆனால் திருத்த வேண்டியது கம்பெனி எச்ஆர். ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, எந்தப் பக்கத்தில் எந்த வரி தப்பு என்று எழுதி, திருத்திய ஆஃபர் கேளுங்கள். கையெழுத்துக்குக் கெடு நெருங்கிவிட்டால், "பெயர் திருத்தத்துக்கு உட்பட்டு ஏற்கிறேன்" என்று மெயிலில் எழுதிக் கெடுவைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பேனாவால் அடித்துத் திருத்தி அனுப்பாதீர்கள், சேரும் அன்று மற்ற பாரங்களெல்லாம் சிஸ்டத்தில் இருக்கும் பழைய பெயரிலேயே அச்சாகி வரும்.